‘டொப் கண்டிஷன்’ என்று எழுதாமல் ஒரு பைக் விற்றது

திருகோணமலையில் பழைய மோட்டார் சைக்கிள் விளம்பரங்களைத் தொடர்ந்து வாசித்தால், எல்லாப் பைக்கையும் ஒரே ஆள்தான் விற்கிறாரோ என்று தோன்றும். ‘டொப் கண்டிஷன்.’ ‘ஒரு வேலையும் இல்லை.’ ‘எடுத்து ஓட வேண்டியதுதான்.’ ‘அவசரப் பணத் தேவைக்காக.’ ‘விலை நேரில் பேசலாம்.’ இதற்கு மேல் ஒரு தொலைபேசி எண். கடலோரத்தில் பத்து வருடம் நின்ற பைக்குக்கு ஒரு வேலையும் இல்லை என்று சொன்னால் அதை நம்பி வருகிறவர் யாரும் இல்லை. வாங்க வருகிறவர் விளம்பரத்தை ஒதுக்கிவிட்டு, விற்பவன் எதையோ மறைக்கிறான் என்ற எண்ணத்தோடுதான் படலையைத் திறக்கிறார். பேரம் அங்கேயே தொடங்கிவிடுகிறது.

என்னுடையது 2014ஆம் ஆண்டு டிஸ்கவர் 125. 2016இல் இரண்டாவது உரிமையாளராக வாங்கி, உவர்மலையிலிருந்து வேலைக்கும், பிள்ளைகளின் டியூஷனுக்கும், நிலாவெளிப் பக்கம் மனைவி வீட்டுக்குமாக ஓடியது. விற்க முடிவெடுத்தபோது, குறைகளை முதலில் எழுதி, அதற்கான பணத்தை நானே கழித்துவிட்டு விலை போடுவது என்று தீர்மானித்தேன். நல்லவனாகத் தெரிய வேண்டும் என்பதற்காக அல்ல. பத்துப் பேர் வந்து பத்து விதமாகக் குறை கண்டுபிடித்து, ஒவ்வொரு குறைக்கும் பத்தாயிரம் கேட்பதைக் கேட்டுக்கொண்டு நிற்க எனக்கு நேரமும் இல்லை, பொறுமையும் இல்லை.

குறையை எழுதுவது என்றால் ‘சின்னச் சின்ன வேலைகள் உண்டு’ என்று எழுதுவதல்ல. அந்த வரி ‘டொப் கண்டிஷன்’ என்பதைவிட மோசம். வாசிப்பவர் மனதில் சின்ன வேலை உடனே எஞ்சின் வேலையாக மாறிவிடும். எந்தப் பாகம், எவ்வளவு, சரிசெய்ய என்ன செலவு என்ற மூன்றும் வந்தால்தான் அது குறை பற்றிய தகவல். அதனால் எழுத உட்காரும் முன் பைக்கை வழக்கமாகப் போகும் கராஜுக்குக் கொண்டுபோய், “தம்பி, இதை நீ வாங்குவதாக நினைத்துப் பார்” என்று மெக்கானிக்கிடம் விட்டேன். அவன் சிரித்தான். ஆனால் நன்றாகவே பார்த்தான்.

எங்கள் ஊரில் முதலில் பார்க்க வேண்டியது துரு. உப்புக் காற்று மேலே தெரியும் இடங்களை அதிகம் தின்பதில்லை. அங்கே நாம் துடைக்கிறோம். தண்ணீரும் மணலும் தங்கி நிற்கும் இடங்களைத்தான் தின்கிறது. சைலன்சரின் அடிவயிறு, பற்றரிப் பெட்டிக்குக் கீழே உள்ள சட்டம், நடு ஸ்டாண்ட் பொருந்தும் இடம், பின் சில்லைத் தாங்கும் கையின் உட்பக்கம். இந்த இடங்களில் ஸ்குரூ டிரைவரின் பிடியால் தட்டினால் நல்ல இரும்பு கணீரென்று கேட்கும், உள்ளே அரித்த இரும்பு மந்தமாகக் கேட்கும். பெயின்ட் கொப்புளம்போல எழும்பியிருந்தால் நகத்தால் சுரண்டிப் பார்க்கலாம். மேல்துரு என்றால் பழுப்புத் தூள் வந்து கீழே இரும்பு தெரியும். தகடு தகடாக உரிந்தால் அது வேறு கதை, சட்டத்தில் அப்படி இருந்தால் வாங்கவே கூடாது. என்னுடையதில் சைலன்சரின் அடியில் உரிந்திருந்தது, சட்டத்தில் மேல்துரு மட்டும். இதையே அப்படியே விளம்பரத்தில் போட்டேன். கூடவே, ‘விற்பதற்காகப் பெயின்ட் அடிக்கவில்லை’ என்றும் ஒரு வரி. கடைசிக் கிழமையில் கறுப்புப் பெயின்ட் அடித்து அடிப்பாகத்தை மூடுவது இங்கே வழக்கம். பளபளவென்று புதுக் கறுப்பைக் கண்டாலே விசயம் தெரிந்தவர் எழும்பிப் போய்விடுவார்.

அடுத்தது முன் ஷொக். இடது பக்கத்தில் ஒயில் கசிந்தது. இதற்கு மெக்கானிக் காட்டிய சோதனையை எல்லோரும் தெரிந்துவைத்திருக்கலாம். சீல் மட்டும் பழுதா, குழாயே பழுதா என்பதுதான் கேள்வி. சீல் என்றால் சின்னச் செலவு. ஆனால் மினுமினுப்பான அந்தக் குழாயில் உப்பு அரித்த புள்ளிகள் இருந்தால், புதுச் சீலையும் அவை அறுத்துவிடும். சில மாதத்தில் மறுபடி கசியும். குழாயைத் துடைத்துவிட்டு நகத்தை மேலிருந்து கீழே மெதுவாக இழுக்க வேண்டும். நகம் எங்கேயாவது தட்டுப்பட்டால் அது பள்ளம். அந்தப் பள்ளம் சீல் உரசும் நீளத்துக்குள் இருக்கிறதா, ஷொக் அமுங்கும்போதும் சீல் எட்டாத மேல் பகுதியில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மேலே இருந்தால் ஆபத்தில்லை. என்னுடையதில் இரண்டு புள்ளிகள் இருந்தன, இரண்டும் மேலே. ஆகவே சீலும் ஒயிலும் மாற்றினால் போதும். மெக்கானிக் கூலியோடு 3,500 ரூபாய் என்றான்.

மாற்றிவிட்டே விற்றிருக்கலாமே என்று மனைவி கேட்டாள். நியாயமான கேள்விதான். நான் மாற்றாததற்குக் காரணம், வாங்குபவருக்குத் தன் மெக்கானிக் இருப்பார், தனக்குப் பிடித்த கம்பெனிச் சாமான் இருக்கும். நான் மலிவுச் சீல் போட்டேனா என்று அவர் சந்தேகப்படுவதைவிட, 3,500 ரூபாயை விலையில் கழித்துக் கொடுப்பது இருவருக்கும் சுலபம். ஆனால் பிரேக் விசயத்தில் இப்படி விடக்கூடாது. ஓடிப் பார்க்க வருகிறவரின் உயிர் அதில் இருக்கிறது. பின் பிரேக் ஷூ தேய்ந்திருந்ததை விளம்பரம் போடுவதற்கு முன்பே மாற்றினேன்.

எஞ்சினைப் பற்றி எழுதுவதுதான் கஷ்டம். என் பைக் கொஞ்சம் ஒயில் குடித்தது. இதை எழுதினால் ஆள் வராது, எழுதாவிட்டால் வந்தவர் முதல் நாள் காலையிலேயே கண்டுபிடிப்பார். ‘ஒயில் குடிக்கும்’ என்று மொட்டையாக எழுதினால் எஞ்சின் போய்விட்டது என்றே அர்த்தம். எனவே அளந்தேன். ஒயில் மாற்றியதும் பைக்கை நேராக நிறுத்தி மட்டத்தைப் பார்த்து, கிலோமீற்றரைக் குறித்துவைத்தேன். ஆயிரம் கிலோமீற்றர் ஓடியதும் அதே இடத்தில் அதேபோல் நிறுத்தி, பழைய மட்டத்துக்குக் கொண்டுவர எவ்வளவு ஊற்ற வேண்டியிருக்கிறது என்று மருந்துக் குப்பியின் அளவு மூடியால் அளந்தேன். சுமார் 100 மில்லிலீற்றர். காலையில் முதல் ஸ்டார்ட்டில் ஒரு சின்ன நீலப் புகை, பிறகு இல்லை. நின்று குளிர்ந்த பிறகு முதல் ஸ்டார்ட்டில் மட்டும் புகை வந்தால் பெரும்பாலும் வால்வு சீல் தேய்வு. ஓடும்போது அக்சிலேட்டர் கொடுக்கக் கொடுக்கத் தொடர்ந்து வந்தால் பிஸ்டன் ரிங் பக்கம். என்னுடையது முதல் வகை. இப்போதைக்கு மாற்றத் தேவையில்லை, ஆனால் ஒருநாள் மாற்ற வேண்டும். அப்போது தலையைக் கழற்றினால் ரிங்கையும் சேர்த்து மாற்றிவிடுவதே புத்திசாலித்தனம், எல்லாம் சேர்த்து 24,000 வரை வரும் என்று கராஜில் சொன்னார்கள்.

பெற்றோல் கணக்கையும் இதோடு சேர்த்தே எடுத்தேன். ‘லீற்றருக்கு 60 ஓடும்’ என்று எல்லோரும் எழுதுகிறார்கள். டாங்கியை விளிம்புவரை நிரப்பி, ஊருக்குள்ளும் நிலாவெளி வீதியிலும் 210 கிலோமீற்றர் ஓடி, அதே செட்டில் மறுபடி விளிம்புவரை நிரப்பினால் 4.3 லீற்றர் பிடித்தது. அதாவது லீற்றருக்கு 49 கிலோமீற்றருக்குக் கொஞ்சம் குறைவு. அதையே எழுதினேன். எப்படி அளந்தது என்பதையும் எழுதினால் யாரும் அதைத் தர்க்கிப்பதில்லை.

மீற்றரில் ஒரு சிக்கல் இருந்தது. காட்டியது 61,400. ஆனால் இடையில் கேபிள் அறுந்து சில மாதம் மீற்றர் ஓடவில்லை. கேபிளில் ஓடும் மீற்றர் உள்ள பழைய பைக்குகளில் இது சாதாரணம். வாங்குபவர்களும் அதனால்தான் மீற்றரைப் பார்ப்பதைவிடப் பிரேக் மிதியின் இறப்பரையும், கால் வைக்கும் கட்டையையும், சாவித் துவாரத்தையும் பார்க்கிறார்கள். மீற்றர் 30,000 காட்டி, மிதி வழுக்கையாக இருந்தால் அங்கே ஏதோ நடந்திருக்கிறது. நான் எழுதியது: ‘மீற்றர் 61,400. கேபிள் அறுந்திருந்த காலத்தையும் சேர்த்தால் 65,000 அளவில் இருக்கும்.’ என் பக்கமாகக் குறைத்துச் சொல்லாமல் கூட்டிச் சொன்னதே அந்த எண்ணுக்கு ஒரு மரியாதையைக் கொடுத்தது.

வரலாறு என்று வரும்போது மூன்று விசயம் போதும். யார் வைத்திருந்தது, எப்போதாவது விழுந்ததா, நீண்ட நாள் நின்றதா.

முதலாவது, ‘செகண்ட் ஓனர்’ என்ற சொல்லுக்கு நம் ஊரில் பெரிய மதிப்பில்லை. புத்தகத்தில் பெயர் மாற்றாமல், கையெழுத்திட்ட படிவங்களோடு ஓபன் பேப்பரில் மூன்று நான்கு கை மாறிய பைக்கும் ‘செகண்ட் ஓனர்’ என்றுதான் விளம்பரத்தில் வருகிறது. எனவே ‘புத்தகம் என் பெயரில், அடையாள அட்டையோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம், லீசிங் இல்லை, எஞ்சின் நம்பரும் சேசிஸ் நம்பரும் புத்தகத்தோடு ஒத்தவை’ என்று எழுதினேன். நம்பர்களை விளம்பரத்தில் போடத் தேவையில்லை, போடவும் கூடாது. வருகிறவர் நேரில் புத்தகத்தை விரித்துவைத்துப் பார்க்கட்டும்.

இரண்டாவது, 2019இல் மழை நேரம் அநுராதபுரச் சந்திக்குப் பக்கத்தில் வலப்பக்கமாகச் சறுக்கி விழுந்தது. ‘விபத்து இல்லை’ என்று எழுதிவிடலாம், யாருக்கும் தெரியாது என்று நினைப்பவர்கள் உண்டு. சைலன்சர் கீறலும் கால் கட்டையின் வளைவும் எல்லாவற்றையும் சொல்லிவிடும். விழுந்ததை எழுதும்போது எது மாறியது, எது மாறவில்லை என்று இரண்டையும் எழுத வேண்டும். ஹேண்டிலும் வலது சிக்னலும் கால் கட்டையும் மாற்றியது. ஷொக்கும் சட்டமும் வளையவில்லை. வளையவில்லை என்பதற்கு என்ன ஆதாரம்? முன் டயர் இரண்டு பக்கமும் ஒரே அளவாகத் தேய்ந்திருக்கிறது. சமதரையான நேர் வீதியில் மெதுவாகப் போகும்போது ஒரு பக்கம் இழுப்பதில்லை. இவற்றை வந்தவர் தானே பார்த்துக்கொள்ளலாம்.

மூன்றாவது கேள்வியை வெளியூர் வாசகர்கள் யோசிக்கமாட்டார்கள், நமக்கு அது முக்கியம். 2022இல் பெற்றோல் இல்லாமல் நாடு முழுக்க வண்டிகள் நின்றன. கியூ.ஆர். முறை வந்து கிழமைக்குக் கொஞ்சம் கிடைக்கத் தொடங்கும்வரை பல பைக்குகள் திண்ணையிலேயே நின்றுவிட்டன. நின்ற பைக்கின் காபரேட்டரில் பெற்றோல் வற்றிப் பிசின்போல ஒட்டும். பாதி வெறுமையான டாங்கியில் உள்ளே துரு பிடிக்கும். டாங்கி மூடியைத் திறந்து கைபேசி வெளிச்சத்தை அடித்தால் உள்ளே துரு தெரியும். என்னுடையதும் சில மாதம் நின்றது. பிறகு காபரேட்டர் கழுவி, டாங்கி கழுவினேன். கராஜ் பில் ஒன்றுகூட நான் சேர்த்துவைக்கும் ஆள் இல்லை, தற்செயலாக அந்த ஒன்று புத்தகத்துக்குள் இருந்தது. படம் எடுத்துப் போட்டேன். வந்தவர்கள் எல்லோரும் அந்தக் கசங்கிய பில்லைத்தான் அதிக நேரம் பார்த்தார்கள்.

இனி விலை. இங்கேதான் நேர்மையாக எழுதுகிறவர்களும் வழுக்குகிறார்கள்.

நான் வாங்கியது 190,000 ரூபாய்க்கு. 2020இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்ட பிறகு பழைய பைக்குகளின் விலை எங்கேயோ போய்விட்டது. 2025இல் இறக்குமதி மறுபடி தொடங்கிய பின்னும் பழைய இடத்துக்குத் திரும்பவில்லை. ஆகவே வாங்கிய விலைக்கும் விற்கும் விலைக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. அதை விளம்பரத்தில் சொல்லவும் தேவையில்லை. கேட்டால் மறைக்கவும் தேவையில்லை. “அண்ணை, ஒன்று தொண்ணூறுக்கு வாங்கி இவ்வளவு ஓடி முடித்துவிட்டு இந்த விலை கேட்கிறீர்களே” என்று ஒருவர் கேட்டார். “இன்றைக்கு இதே பைக்கை நான் திரும்ப வாங்கப் போனால் ஒன்று தொண்ணூறுக்குத் தருவார்களா தம்பி?” என்றேன். அதோடு விட்டுவிட்டார்.

சந்தை விலையைத் தெரிந்துகொள்ள இணைய விளம்பரங்களில் அதே மாடல், 2013 முதல் 2015 வரையான பைக்குகளைத் தேடினேன். 320,000 முதல் 440,000 வரை போட்டிருந்தார்கள். இந்த இரண்டு எண்ணுக்கும் நடுவைப் பிடித்து விலை போடுவது தவறு. அவை கேட்கும் விலைகள், விற்ற விலைகள் அல்ல. நெடுநாளாக அப்படியே கிடக்கும் விளம்பரம், அந்த விலைக்கு யாரும் வாங்கவில்லை என்றுதான் சொல்கிறது. ஒரே படம் வேறு வேறு எண்களில் வந்தால் அது புரோக்கர் கையில் இருக்கிறது, அவர் பங்கும் விலைக்குள் இருக்கிறது. கொழும்புப் பக்கத்துப் பைக்குகளைக் கணக்கில் எடுக்கவில்லை. திருகோணமலை, மட்டக்களப்பு, கந்தளாய்ப் பக்க விளம்பரங்களில், வந்து சில நாளில் ‘விற்கப்பட்டது’ என்று மாறியவற்றைக் குறித்துக்கொண்டேன். இரண்டு பேருக்குத் தொலைபேசி எடுத்து, “நானும் இதே பைக்கை விற்கப்போகிறேன், என்ன விலைக்குப் போனது?” என்று நேரே கேட்டேன். ஒருவர் சொல்லவில்லை, மற்றவர் நன்றாகவே சொன்னார். உடனடி வேலை ஒன்றும் இல்லாத, ஓரளவு நல்ல 2014 பைக் என்றால் 370,000 என்ற இடத்துக்கு வந்து சேர்ந்தேன்.

அதிலிருந்து கழித்தேன். பின் டயர் கடைசிக் கட்டத்தில் இருந்தது, 11,000. செயின் செட் 6,500. முன் ஷொக் 3,500. இந்த மூன்றையும் வாங்குபவர் உடனே செய்தாக வேண்டும், எனவே முழுதாகக் கழித்தால் 349,000. எஞ்சின் தலை வேலை 24,000. இதை முழுதாகக் கழிக்கவில்லை. அவர் அதைச் செய்யாமலே கொஞ்சக் காலம் ஓடலாம், செய்த பிறகு எஞ்சின் என்னிடம் இருந்ததைவிட நன்றாகவும் இருக்கும். பாதிதான் என் பங்கு: 12,000. மிச்சம் 337,000.

பற்றரி புதிது. அதைக் கூட்டவில்லை. ஓடும் பைக்குக்குப் பற்றரி இருந்தாக வேண்டும். அது இல்லாவிட்டால் விலை குறையும், இருந்தால் விலை கூடாது. இதில் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். கடந்த வருடம் செலவழித்த காசையெல்லாம் கூட்டிக்கொண்டு வந்து வாங்குபவரிடம் கேட்கிறார்கள்.

337,000 என்று போட்டால் விசித்திரமாக இருக்கும். 340,000 போட்டு, 335,000 வரை இறங்குவது என்று முடிவு. ‘விலை இறுதியானது’ என்று எழுதுவதை நான் விரும்பவில்லை. அப்படி எழுதினாலும் இங்கே கேட்கத்தான் போகிறார்கள். கேட்டு ஒரு ரூபாயும் குறையாமல் வாங்கினால் வீட்டுக்குப் போய் முகம் கொடுக்க முடியாது.

கடைசியில் விளம்பரம் இப்படி வந்தது:

‘டிஸ்கவர் 125, 2014, கறுப்பு. திருகோணமலை உவர்மலையில் பார்க்கலாம். விலை 340,000.

2016இலிருந்து என்னிடம், இரண்டாவது உரிமையாளர். புத்தகம் என் பெயரில், லீசிங் இல்லை. வருமான உத்தரவுப்பத்திரமும் காப்புறுதியும் இன்னும் இரண்டு மாதத்துக்கு உண்டு. பெயர் மாற்றியே கொடுப்பேன், ஓபன் பேப்பர் இல்லை.

மீற்றர் 61,400, கேபிள் அறுந்திருந்த காலத்தோடு 65,000 அளவு. நிரப்பி அளந்ததில் லீற்றருக்கு 48 முதல் 49 கி.மீ.

செய்ய வேண்டிய வேலை: பின் டயர், செயின் செட், இடது முன் ஷொக் சீல். கராஜில் கேட்ட செலவு மொத்தம் 21,000. எஞ்சின் ஆயிரம் கிலோமீற்றருக்கு 100 மி.லீ. அளவு ஒயில் குறைக்கிறது, காலையில் முதல் ஸ்டார்ட்டில் கொஞ்சம் புகை. ஓடும்போது இல்லை. சைலன்சர் அடியில் துரு உண்டு, சட்டத்தில் மேல்துரு மட்டும். விற்பதற்காகப் பெயின்ட் அடிக்கவில்லை. இவை எல்லாவற்றையும் கணக்கெடுத்துத்தான் விலை.

2019இல் ஒருமுறை வலப்பக்கம் சறுக்கி விழுந்தது. ஹேண்டில், சிக்னல், கால் கட்டை மாற்றியது. சட்டமும் ஷொக்கும் வளையவில்லை. 2022இல் பெற்றோல் இல்லாமல் நின்றது. பிறகு காபரேட்டரும் டாங்கியும் கழுவிய பில் உண்டு. பின் பிரேக்கும் பற்றரியும் புதிது.

மெக்கானிக்கோடு வரலாம். காலையில் வந்தால் குளிர்ந்த எஞ்சினை நீங்களே ஸ்டார்ட் பண்ணலாம்.’

கந்தளாய்ப் பக்கத்தவர்களுக்காக நண்பர் ஒருவர் இதைச் சிங்களத்திலும் எழுதித் தந்தார். படங்களில் சைலன்சரின் அடியும், தேய்ந்த டயரும், கசியும் ஷொக்கும் ஒவ்வொன்று. மற்றவை நான்கு பக்கமும், மீற்றரும். நம்பர் பிளேட்டை மறைத்தேன்.

அழைப்புகள் அதிகம் வரவில்லை, அது எதிர்பார்த்ததுதான். முதல் ஆள் புரோக்கர். “ஏன் அண்ணை இதெல்லாம் எழுதி வைச்சிருக்கிறீங்கள்? எடுத்துப்போட்டுட்டு என்னட்டைத் தாங்கோ, நாலுக்கு மேல வித்துத் தாறன்” என்றார். இன்னொருவர் ஓபன் பேப்பரில் தந்தால் உடனே காசோடு வருவதாகச் சொன்னார். இதில் நான் அசைவதாக இல்லை. பெயர் மாறாத பைக் நாளை எங்கேயாவது மோதினால் பொலிஸ் புத்தகத்தில் உள்ள பெயரைத் தேடித்தான் வரும். எழுதியதை வாசித்துவிட்டுப் பேசியவர்களின் கேள்வி வேறு மாதிரி இருந்தது. “டயர் என்ன கம்பெனி?” “ஷொக் குழாயில் புள்ளி இருக்கா?” இப்படிக் கேட்பவர் வாங்குபவர். “கடைசி விலை என்ன?” என்று மட்டும் கேட்பவர் பெரும்பாலும் வருவதில்லை.

வாங்கியவர் கிண்ணியாக்காரர், கட்டட வேலை செய்பவர், என்னைவிட மூத்தவர். மெக்கானிக் ஒருவரோடு காலை ஏழு மணிக்கே வந்துவிட்டார். வந்ததும் எஞ்சினைத் தொட்டுப் பார்த்தார், குளிர்ந்துதான் இருந்தது. ஸ்டார்ட் பண்ணினார், புகை வந்தது, “எழுதினதுபோலத்தான்” என்று மெக்கானிக்கைப் பார்த்துச் சொன்னார். அடையாள அட்டையை என்னிடம் தந்துவிட்டு ஒரு சுற்று ஓடினார்கள். அந்த மெக்கானிக் கெட்டிக்காரர். நடு ஸ்டாண்டில் நிறுத்தி, முன் சில்லை நிலத்தில் தொடாமல் தூக்கி, ஹேண்டிலை மெதுவாக இரு பக்கமும் திருப்பினார். நடுவில் ஒரு சின்னத் தட்டு. ஹேண்டில் கோன் செட் தேய்ந்தால் வரும் தட்டு. ஓடும்போது தெரியாது, இப்படிச் செய்தால்தான் தெரியும். என் மெக்கானிக் அதைச் சொல்லவில்லை.

இங்கேதான் விளம்பரம் எழுதியதன் பயன் எனக்கு நன்றாகத் தெரிந்தது. டயர், செயின், ஷொக், எஞ்சின் பற்றி அவர் ஒரு வார்த்தையும் பேரம் பேசவில்லை. அவை கழித்துவிட்டவை என்பது எழுத்தில் இருக்கிறது. பேச்சு முழுக்கக் கோன் செட்டைப் பற்றியே. “தம்பி, இது நீங்க எழுதாதது” என்றார். “சரி நானா, எழுதாதது என் கணக்கு” என்றேன். கூலியோடு 5,000 ஆகும் என்று அவருடைய மெக்கானிக் சொன்னார். என் மெக்கானிக்கிடம் தொலைபேசியில் கேட்டேன், அவனும் அதைத்தான் சொன்னான். 335,000இலிருந்து ஐந்தையும் குறைத்து 330,000. எல்லாம் அரை மணித்தியாலத்துக்குள் முடிந்தது. நான் நினைத்த கடைசி விலையைவிட ஐயாயிரம் குறைவுதான். ஆனால் கோன் செட் உண்மையான பழுது, முதலே தெரிந்திருந்தால் நானே கழித்திருப்பேன்.

பணம் வங்கியில் என் கணக்கில் விழுந்த பிறகு கடதாசி வேலை. பெயர் மாற்றத்துக்கு எம்.டி.ஏ. 6 படிவம், விற்றவர் தான் கைமாற்றியதை அறிவிக்க எம்.டி.ஏ. 8 படிவம். இரண்டிலும் திகதியைப் போட்டுத்தான் கையெழுத்து வைத்தேன். திகதி இல்லாத கையெழுத்துத்தான் ஓபன் பேப்பர் ஆகிறது. விற்றவர் பதினான்கு நாளுக்குள் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்கு அறிவிக்க வேண்டும் என்பது சட்டம். வாங்கியவர் பெயர் மாற்றப் போவார் என்று அவர் தலையில் கட்டிவிட்டு இருக்கக்கூடாது. இதற்கு மேலாக ஒரு வெள்ளைத்தாளில், இன்ன நாள் இன்ன மணிக்கு வண்டி கைமாறியது, அதற்குப் பிறகு வரும் தண்டமும் விபத்தும் வாங்கியவருடையவை என்று எழுதி இருவரும் கையெழுத்திட்டோம். விளம்பரத்தையும் அச்சடித்து அதன் பின்னால் குத்திக் கொடுத்தேன், கோன் செட்டைப் பேனாவால் சேர்த்துவிட்டு. “பிறகு சொல்லவில்லையே என்று நீங்களும் சொல்ல ஏலாது, நானும் சொல்ல ஏலாது” என்றார் அவர்.

எம்.டி.ஏ. 8 படிவத்தை அடுத்த நாள் பதிவுத் தபாலில் அனுப்பி, பற்றுச்சீட்டைக் கைபேசியில் படம் எடுத்து வைத்துக்கொண்டேன். விளம்பரத்தை அன்றே எடுத்துவிட்டேன். அப்படியும் அதைப் படமெடுத்துப் பகிர்ந்தவர்கள் மூலம் சில நாள் அழைப்பு வந்துகொண்டிருந்தது. அதில் ஒருவர், “விற்றுவிட்டீர்கள் என்றால் பரவாயில்லை, அந்த எழுத்தை எனக்கு அனுப்ப முடியுமா, நானும் ஒரு பைக் விற்கவேண்டும்” என்றார். அனுப்பினேன். அவருடையது ஸ்கூட்டர். செயின் செட்டுக்குப் பதிலாக பெல்ட்டையும் ரோலரையும் பார்த்து எழுதச் சொன்னேன்.